டாக்டருக்காக வெளுத்த கண்கள்

என் மகளுக்குக் கண் அரிக்க ஆரம்பித்தால் வீட்டில் ஒருவராலும் நிம்மதியாக உட்கார முடியாது. அவளுக்கு ஆறு வயதில் தொடங்கியது. இரண்டு கை முஷ்டிகளையும் கண்ணில் வைத்து மாவு பிசைவதுபோலப் பிசைவாள். பீளை நூல் நூலாக வரும். வெயில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "தேய்க்காதே" என்று நான் கத்தக் கத்த இன்னும் தேய்ப்பாள். கத்துவதைத் தவிர எனக்கும் வேறென்ன தெரியும்?

எங்கள் மலைத் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் நாங்கள் காட்டிய கிளினிக் டாக்டரம்மா, இது ஒவ்வாமை, யாருக்கும் தொற்றாது, வளர வளரப் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றார். ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அரித்தாலும் அரிக்காவிட்டாலும் காலையும் மாலையும் விட வேண்டும், அரிக்கும்போது குளிர்ந்த துணியை வைக்க வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். பொறுமையா? எங்கள் வீட்டிலா?

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், எங்களோடுதான் இருக்கிறார். நான் தேயிலை பேக்டரிக்குப் போய்விட்டால் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவள் அழுதால் அண்ணிக்குச் சோறு இறங்காது. கிளினிக் மருந்தை ஒரு வாரத்திலேயே ஒதுக்கிவிட்டார்.

"இது என்னா மருந்து லா, பச்சத் தண்ணி. ஊத்தி ஊத்திப் பாக்குறேன், ஒண்ணும் கேக்கல."

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலைக்குக் கீழே ஈப்போ டவுனுக்குப் போகிறவரிடம் எல்லாரும் சாமான் சொல்லிவிடுவார்கள். பெயர் தெரியாத சாமான் என்றால் காலி டப்பாவையே கொடுத்துவிடுவார்கள், கடையில் காட்டினால் அதே மாதிரி கிடைக்கும். என் கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு லோரி ஓட்டுகிறவர். லயத்துச் சாமான் பாதி அவர் தலையில்தான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தில் மீதி இருந்தது. அண்ணி அதை வாங்கி மகளுக்கு விட்டுப் பார்த்தார். மறுநாளே கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அதோடு அந்தக் குப்பியும் லோரி ஏற ஆரம்பித்தது. கீழே ஒரு கடைக்காரன் டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் கொடுத்தான். கண் மருந்துதானே என்று நானும் இருந்தேன்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் அண்ணி அவளைக் கல்யாணத்துக்குத் தயார் செய்வதுபோலச் செய்வார். தலைக்கு எண்ணெய், ரிப்பன், இஸ்திரி போட்ட கவுன். டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, மருந்து வேலை செய்யுது, அப்படியே விடுங்க" என்பார். நாங்களும் பெருமையாகத் திரும்புவோம்.

அவளுக்கு ஒன்பது வயது நடந்தபோது பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த வேனின் பக்கக் கண்ணாடியில் இடது நெற்றியை இடித்துக்கொண்டாள். பேக்டரிக்குப் போன் வந்தது. கங்காணியிடம் சொல்லிவிட்டு ஓடினேன், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்த வாரம் குப்பி தீர்ந்திருந்தது. கண் இரண்டும் சிவந்து, இமை தொங்கிப்போய் இருந்தன. டாக்டரம்மா நெற்றிக்கு மருந்து போட்டுவிட்டு மேலிமையைத் திருப்பினார். உள்ளே ஜவ்வரிசி ஒட்டியதுபோலக் கட்டி கட்டியாக இருந்தது.

"போன தடவ அவ்வளவு வெள்ளையா இருந்துச்சே? வேற ஏதாச்சும் விடுறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அத்தை ஊத்தும் டாக்டர். இங்க வர்றதுக்கு முன்ன நெறைய ஊத்தும். கண்ணு செவப்பா இருந்தா நீங்க அம்மாவ ஏசுவீங்களாம்."

அண்ணிக்குப் போன் போட்டு, காலிக் குப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். படத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. அது ஸ்டீராய்டு. அரிப்பைச் சட்டென்று அடக்கும், சில சமயம் கண் டாக்டரே கொஞ்ச நாளுக்குக் கொடுப்பார், ஆனால் கண் அழுத்தத்தை அளந்துகொண்டேதான் கொடுப்பார் என்றார். நாமாக விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடுமாம், புரையும் விழலாமாம். அழுத்தம் இப்படி ஏறும்போது பெரும்பாலும் வலி தெரியாதாம். கண் பார்க்க அழகாகவே இருக்குமாம்.

மறுநாளே ஈப்போவில் கண் டாக்டரிடம் போனோம். அண்ணியும் வந்தார். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு மகள் வாந்தி எடுத்தாள், வளைவுக்கு வளைவு நான் அண்ணியைத் திட்டினேன். அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "வலிச்சா புள்ள சொல்லியிருக்கும்ல?"

இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது. வலது கண் நரம்புக்குச் சேதம் கொஞ்சம்தான். இடது கண்தான் எப்போதும் அதிகம் அரிக்கும் என்று அண்ணி அதில் கூடுதலாக விட்டிருக்கிறார். அந்தக் கண்ணில் ஓரமெல்லாம் போய் நடுப் பார்வை மட்டும் மிஞ்சியிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

பழைய குப்பியை நிறுத்தி, அழுத்தம் இறங்க ஒரு மருந்தும், அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு மருந்தும் கொடுத்தார்கள். அரிப்பு மருந்து விடும்போதெல்லாம் எரியும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்மேல் வைத்து, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"அத்தை, அந்த மருந்து ஊத்து அத்தை. ஒரே ஒரு சொட்டு."

அண்ணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய், லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். எனக்கு அவர்மேல் துளி நம்பிக்கை இல்லை. தலையணைக்கு அடியில், அரிசி டப்பாவில், அவர் சேலை மடிப்பில் எல்லாம் தேடுவேன். ஒருநாள் அவரே வந்து, யாரிடமோ சொல்லி வரவழைத்திருந்த மூடி பிரிக்காத பழைய மருந்துக் குப்பி ஒன்றை என் கையில் திணித்தார்.

"எங்கயாச்சும் தூக்கிப் போடும்மா. என் கையில இருந்தா நான் ஊத்திருவேன்."

அதற்குப் பிறகு நான் தேடவில்லை. அதற்காக ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு இமை கனம் குறைந்தது, அரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது, வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு விளையாடப் போனாள். அடுத்து ஈப்போ போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டர் சிரித்தார், எனக்கும் மூச்சு வந்தது. நாற்காலியை விட்டு இறங்கிய மகள் இடது கையைக் காதுக்குப் பக்கத்தில் நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

"அப்ப இந்தப் பக்கம் எப்ப தெரியும் டாக்டர்?"

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "அந்தப் பக்கம் தெரியாதும்மா. தலையைத் திருப்பிப் பாக்கப் பழகிக்கணும், சரியா?"

பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதுபோலத் தலையாட்டினாள். 

வெளியே சாலையைக் கடக்க நின்றோம், கார்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. என் பக்கத்தில் நின்ற அண்ணி சுற்றிப் போய், மகளின் இடப் பக்கம் நின்று கையைப் பிடித்தார். அவள் திடுக்கிட்டாள். பிறகு தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்துத்தான், பிடித்தது அத்தை என்று தெரிந்துகொண்டாள்.