தண்ணீர் ஊற்றிய மருந்து

இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி, வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோயிருந்த காலம். டியூபில் அடைத்த மருந்தைக் கனவில்தான் பார்க்கலாம். தூளும் மெழுகும் எண்ணெய்ப் பசையும் தகரத்தில் வரும், கலந்து கொடுப்பது என் பாடு. தோட்டத்து ஜனங்கள் என்னை டொக்டரய்யா என்பார்கள். நான் டொக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

தோலில் தடவுகிற மருந்தை எடைபோட அவர்களிடம் ஒரே கணக்குத்தான் இருந்தது. கெட்டியாக இருந்தால் நல்ல மருந்து, ஓடினால் ஏமாற்று. அதனால் ஊரே மெச்சியது தலைவலிக்குத் தேய்க்கிற பாமைத்தான். எண்ணெயில் மெழுகைக் கூட்டி, கற்பூரம் சேர்த்து இறுக்கியது அது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. விரல் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நெற்றியில் தேய்த்தால் கண்ணில் நீர் வரும். கண்ணில் நீர் வராத மருந்தை மருந்தென்று ஒப்புக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அதற்கு அடுத்த மரியாதை ஆயின்மென்டுக்கு. அதிலும் எண்ணெய்ப் பசைதான், மெழுகு குறைவு என்பதால் வழுவழுவென்று வரும். தோல்மேல் மூடிபோல் உட்கார்ந்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெடித்த குதிகாலுக்கு அதுதான் மருந்து. தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவிடம் கண்ணாடிபோல் ஒரு ஜெல் இருந்தது. எண்ணெயே இல்லை, தண்ணீரைப் பிசினில் பிடித்து நிறுத்தியது, அவ்வளவுதான். கழுவினால் தடம் இல்லாமல் போய்விடும். அதை அவர் யாருக்கும் காட்டியதில்லை, அதனால் அதன்மேல் யாருக்கும் புகாரும் இல்லை.

புகார் வந்தது லோஷனுக்கும் கிரீமுக்கும்தான். இரண்டிலும் தண்ணீர் உண்டு, நான் அதை ஒளிக்கவும் இல்லை.

பால் வெட்டுகிற ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், புருஷன் இல்லை, தோட்டம் கொடுத்த லயத்து அறை அவள் பேரில் இருந்தது. பாலும் மழையும் மாறி மாறிப் பட்டு வலது கை விரலிடுக்கெல்லாம் வெந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. வேலைக்கு இறங்காவிட்டால் கூலிப் பதிவில் பேர் போய்விடும், பேர் போனால் அறையும் போய்விடும். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, தோட்டத்தில் யாரும் சொல்லத் தேவையில்லை.

நீர் வடிகிற தோலுக்கு லோஷன்தான் சரி. தண்ணீரில் கலமைன் தூளைக் கலக்கியது. தண்ணீர் காய்ந்து போகும்போது சூட்டையும் ஈரத்தையும் கூடக் கொண்டுபோகும், தூள் மட்டும் தோலில் நிற்கும். போத்தலைக் குலுக்கிக் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தண்ணியா இருக்குங்களே அய்யா."

"தண்ணியாத்தான் இருக்கணும்."

"பசை மாதிரி ஒண்ணு இல்லீங்களா?"

"அது ஒனக்கு ஆகாது."

நான் சொன்ன விதம் நன்றாயிருந்திருக்காது. எனக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம் மட்டு.

மறுநாள் அவள் வந்தபோது ஜன்னல் ஓரம் நான் கிரீம் கிண்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் பசையோடு, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கிற ஒரு மெழுகையும் உருக்கி, கொதித்த தண்ணீரைச் சூடாகவே ஊற்றி, ஆறும்வரை கிண்ட வேண்டும். தண்ணீர்தான் பாதிக்கு மேல். எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்து தண்ணீருக்குள் நிற்கும், அதனால்தான் பால்போல் வெளுக்கும். ரப்பர்ப் பாலும் அதே சங்கதிதான், தண்ணீரில் மிதக்கிற ரப்பர்த் துளிகள். அவள் பார்த்தது இவ்வளவுதான்: டொக்டரய்யா மருந்துக்குள் தண்ணீர்க் கேத்தலைக் கவிழ்க்கிறார்.

சாயந்திரம் தொழிற்சங்கத் தலைவர் வந்தார், பின்னால் பத்துப் பேர். கையில் ஸ்டோரிலிருந்து வாங்கிவந்த மெட்ரோலெக். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குழாய் அது.

"மருந்துல தண்ணி கலக்குறீங்களாம்."

"ஆமாங்க."

நான் இல்லை என்பேன் என்று நினைத்து வந்திருந்தார். குழாயைக் கிரீம் பாத்திரத்தில் செருகினார். அவர் அழுத்திய இடத்தில் அது நின்றது. மேலே இழுத்து விட்டார், அங்கேயும் நின்றது.

"எவ்வளவு காட்டுது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நீ எவ்வளவு சொல்றியோ அவ்வளவு காட்டுது," என்றார் தலைவர். குழாயைத் துடைத்துக்கொண்டு நேரே தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனார்.

துரை என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் எண்ணெய், தண்ணீர் என்று விளக்கினேன். ஆட்கள் வேலையை நிறுத்தாமல் இருந்தால் போதும் அவருக்கு. "பெஹெத்வலட்ட வத்துர தாண்ட எப்பா," என்று சிங்களத்தில் முடித்துவிட்டார். மருந்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உத்தரவு.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இன்றைக்கும் பேனா அழுந்தும். உத்தரவுப்படி எல்லோருக்கும் ஆயின்மென்ட் போயிற்று. அந்தப் பெண்ணின் கைக்கு வேண்டாம் என்றேன், பக்கத்தில் நின்ற தலைவரே அள்ளி வைத்துவிட்டார். தோட்டமே திருப்தியாக மினுமினுத்தது.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் திரும்பி வந்தாள். பசை மூடிய இடத்தில் ஈரம் போக வழியில்லாமல் தோல் வெள்ளையாக ஊறிப் பிய்ந்திருந்தது. கணக்கப்பிள்ளை அடுத்த திங்கள் வரைக்கும் பார்ப்பாராம், அதற்குமேல் அவள் பால் வெட்டுகிற மரங்களை வேறு ஆளுக்குக் கொடுப்பாராம்.

"அந்தத் தண்ணி மருந்தையே குடுங்கய்யா," என்றாள்.

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

நான் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் துணியை நனைத்து அவள் கைக்குப் போட்டேன். அதை மருந்தென்று யாரும் சொல்ல முடியாது. பிறகு கலமைன் தூளைப் போத்தலில் போட்டேன். கொதித்தாறிய தண்ணீர் இருந்த கேத்தலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"எனக்குத்தான் உத்தரவு," என்றேன். "ஒனக்கு இல்ல."

அவள் இடது கையால் கேத்தலைத் தூக்கினாள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் மருந்தைக் கேட்கிறவள் ஏன் தலைவரிடம் போய்க் கோள் சொன்னாள் என்று கேட்டுவிட்டேன். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"போன மழைக்கு மரத்துல பால் புடிக்கிற என் செரட்டைல தண்ணி விழுந்துருச்சுங்க. பால்ல தண்ணி கலந்தேன்னு அரைப்பேரு போட்டு அரை நாள் கூலியப் புடிச்சிட்டாங்க. மழைங்கன்னு சொன்னேன், யாரும் கேக்கல. நீங்க எல்லாருக்கும் முன்னால ஊத்துறீங்க. ஒங்களுக்கு யாரு அரைப்பேரு போடுறது?"

நான் போத்தலை மூடி, குலுக்கி, அவளிடம் நீட்டினேன்.

கை தேறியது. நீர் வடிவது நின்று தோல் வறளத் தொடங்கியதும் கிரீம், அதற்கும் அவளே தண்ணீர் ஊற்றினாள், நான் கிண்டினேன். திங்கட்கிழமை துணி சுற்றிய கையோடு கத்தியைப் பிடித்தாள். மரங்கள் அவளிடமே இருந்தன. பிறகு தோல் காய்ந்து வெடித்தபோது ஆயின்மென்ட் தகரத்தைத் திறந்தேன். அவள் முதலில் கேட்ட பசை.

அவள் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"இதுல தண்ணி இல்லீங்களே?"

"இல்ல."

"அப்ப மழைத்தண்ணி ஒட்டாது," என்று சொல்லி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பால் வாளியின் வாயை, மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியால் இறுக்கி மூடிக்கொண்டு, தான் நனைந்தபடி மரங்களைப் பார்க்கப் போனாள்.