ரெஸ்யூமேயில் காணப்படவில்லை

ரேணிகுண்டா தொழிற்பேட்டையில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்றில் வைஜயந்தி ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். வேலை கேட்டு வரும் ரெஸ்யூமேக்களை முதலில் ஒரு மென்பொருள் படித்து, இந்த வேலைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் சரிதானா என்று மனிதர் ஒருவர் வரி வரியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்க்கிறவர்களில் மூத்தவள் வைஜயந்தி.

தேர்வாகாதவர்களில் காரணம் கேட்டவர்களுக்குச் சின்னதாக ஒரு குறிப்பு அனுப்புவது அந்தக் கம்பெனி வழக்கம். அந்தக் குறிப்புக்கு அச்சு வார்த்துக் கொடுத்ததும் அவள்தான். ஆளைப் பற்றி எழுதக்கூடாது, ரெஸ்யூமேயைப் பற்றித்தான் எழுத வேண்டும். 'உங்களுக்கு அனுபவம் இல்லை' என்று எழுதக்கூடாது. அது நமக்கு எப்படித் தெரியும்? 'ரெஸ்யூமேயில் காணப்படவில்லை' என்று எழுத வேண்டும். வயதையோ, இடையில் வேலை இல்லாமல் இருந்த காலத்தையோ தொடக்கூடாது. வராத வேலைக்கு ஆசை காட்டக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு குறிப்பு எழுதும்போதும் அந்தப் பக்கம் படிக்கப்போகிற முகம் ஒன்று மனதில் வந்துபோகும். பிறகு முகம் வருவது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

அவள் கணவன் ரங்கா திருச்சானூரில் ஒரு லாட்ஜில் பதினாலு வருஷம் மேனேஜராக இருந்தவன். லாட்ஜ் முதலாளி கட்டிடத்தை ஆன்லைனில் அறை விடும் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டார். வந்தவர்கள் தங்கள் ஆட்களோடு வந்தார்கள். ரங்கா ஒரு பையில் தன் டிபன் டப்பாவையும் மேஜை மேல் இருந்த பெருமாள் படத்தையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு அடுப்படியில் தளிகையை அவனே எடுத்துக்கொண்டான். வைஜயந்தி சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது மிளகும் புளியுமாகச் சாத்தமுது கொதிக்கிற வாசனை வாசலுக்கே வரும். இருவரும் சாப்பிடுவார்கள். டி.வி. ஓடும். வேலை தேடுகிறானா என்று அவள் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

கம்பெனியில் சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு விளம்பரம் போனது. வந்து குவிந்த ரெஸ்யூமேக்களில் ஒன்றைத் திறந்தபோது மேலே ரங்காவின் பெயர் இருந்தது. கீழே அவர்கள் வீட்டு விலாசம். 'எங்கள் கம்பெனியில் உறவினர் யாரேனும் இருக்கிறார்களா' என்ற கேள்விக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

அவள் மூடவில்லை. முழுதும் படித்தாள். ஏதோ நெட் சென்டரில் அடித்துக் கொடுத்தது; எழுத்தின் நிறமே காட்டிக்கொடுத்தது. 'விருந்தினர்களைக் கனிவுடன் வரவேற்பேன். கடின உழைப்பாளி. நேர்மையானவன். எந்தச் சூழலிலும் அமைதி காப்பவன்.' இரண்டு பக்கம் முழுக்க இதுதான். பக்கத்தில் மென்பொருள் போட்ட மதிப்பெண்: முப்பத்தொன்று. நேர்காணலுக்குக் கூப்பிட அறுபது வேண்டும்.

நெஞ்சு படபடக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். கொஞ்ச நேரம் அதற்காகக் காத்துக்கூட இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. 'பட்டப்படிப்புக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறது, அது சரி' என்று மட்டும் தோன்றியது.

எழுந்து அடுத்த மேஜைக்குப் போனாள். அங்கே ஹரிபாபு இருந்தான். நகரிக்காரன், தறிக்காரர் வீட்டுப் பையன், அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

"ஹரி, இந்த ஒண்ணை நீங்க எடுத்துக்கோங்க. இது என் வீட்டுக்காரரோடது. நான் பார்க்கக்கூடாது."

அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "சார் உங்களாண்ட சொல்லவே இல்லியா மேடம்?"

"சொல்லலை."

"சரி மேடம், நான் பாத்துக்கறேன். நீங்க மேனேஜருக்கு ஒரு மெயில் மட்டும் போட்ருங்க. நாளைக்கு யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது."

மெயில் போட்டாள். உறவினர் விண்ணப்பம், மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொள்கிறேன். அதற்கும் ஒரு அச்சு இருந்தது.

மறுநாள் கேன்டீனில் ஹரிபாபு தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், தின்னவில்லை.

"மேடம், ரெண்டு தபா படிச்சேன். மிஷின் எங்கியாவது தப்பா படிச்சிருக்குமோன்னு தேடிக்கினே இருந்தேன். ஒரு வார்த்தை கெடைச்சா போதும், மார்க்கை ஏத்தி வுட்டிருப்பேன். அதுல—"

"வேண்டாம் ஹரி. எனக்குத் தெரியக்கூடாது."

"காரணம் வேணும்னு டிக் பண்ணிக்கீறாரு. நோட் அனுப்பணும்."

"அனுப்புங்க. மத்தவாளுக்கு எப்படியோ அப்படி."

அவன் தலையாட்டினான். அவள் மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

குறிப்பு என்றைக்கு வந்தது என்று ரங்காவின் முகத்தில் தெரியவில்லை. தினமும்போலத் தளிகை பண்ணினான், பாத்திரம் கவிழ்த்தான். ஆனால் ஒரு நாள் வந்து பார்த்தபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கூடத்தில் ஃபேனைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இதைப் படி" என்று போனை நீட்டினான்.

ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கு அதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் படித்தாள்.

'ஸ்டோர்ஸ் எக்ஸிக்யூட்டிவ் பணிக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி. இப்பணியின் தேவைகளோடு ஒப்பிட்டதில் உங்கள் ரெஸ்யூமே நூற்றுக்கு 31 பெற்றது. நேர்காணலுக்கு 60 தேவை. உங்கள் பட்டப்படிப்பு பொருந்துகிறது. ஆனால் சரக்கு வரவு செலவு, இருப்புச் சரிபார்ப்பு, இருப்புக் கணக்குக்கான மென்பொருள் ஆகியவற்றில் அனுபவம் ரெஸ்யூமேயில் காணப்படவில்லை. விடுதிப் பணியில் இவற்றைச் செய்திருந்தால், என்ன பொருள், எவ்வளவு, எந்த மென்பொருளில் என்று குறிப்பிட்டு எழுதுவது இனிவரும் விண்ணப்பங்களுக்கு உதவும். இம்மதிப்பெண் இந்த ஒரு பணிக்கு மட்டுமே உரியது.'

"நன்னா எழுதியிருக்கா" என்றான் ரங்கா. "கோபமே வராத மாதிரி. நீதானே?"

"நான் இல்லை. ஹரி அனுப்பினது."

"வார்த்தை உன்னோடது. 'காணப்படவில்லை.' ஆத்துல உப்புப் போட மறந்தாலும் 'சாத்தமுதுல உப்பு தெரியலை'ம்பே. உப்பு போடலைன்னு ஒரு நாள் சொன்னதில்லை நீ."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். "அந்த அச்சு நான் பண்ணிக் குடுத்தது. அனுப்பினது அவர்."

"அப்போ என்னோட ரெஸ்யூமே உன் கண்ணுல படவேயில்லை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், நம்பத்தான் ஆசைப்பட்டான் என்றும் தெரிந்தது.

"பட்டது. பேரைப் பார்த்தேன். முழுசும் படிச்சேன். அப்புறம்தான் ஹரிகிட்ட குடுத்தேன்."

"படிச்சியா."

"படிச்சேன்."

அவன் வேட்டி ஓரத்தை விரலில் சுற்றினான். "வைஜு, நாப்பத்திரண்டு ரூம். போர்வை, துண்டு, சோப்பு, ஜெனரேட்டர் டீசல். பிரம்மோத்சவத்தப்போ ஒரு ராத்திரில எத்தனை தலகாணி போகும், எத்தனை திரும்பும்னு நான்தான் எண்ணுவேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எல்லாக் கணக்கையும் டாலி சாஃப்ட்வேர்ல ஏத்துவேன். அது?"

"தெரியும்."

"அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் பையன்கிட்ட."

"சொல்லக்கூடாது. எழுதியிருக்கறதுக்குத்தான் மார்க். எனக்குத் தெரிஞ்சதுக்கு இல்லை. இன்னொருத்தரோட ஆம்படையாள் எங்க கம்பெனில இல்லையே, அவருக்காக யார் சொல்லுவா?"

அவள் சொன்னது முழுக்கச் சரி. சொல்லும்போதே அது தெரிந்தது.

"உன் சிபாரிசுல வந்தேன்னு இருக்கப்படாதுன்னுதான் உன்கிட்ட சொல்லாம போட்டேன்" என்றான். "கிடைச்சப்புறம் சொல்லலாம்னு."

அன்றைக்கு அவள்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். ரவை இருந்தது; உப்புமா கிண்டினாள். இருவரும் சாப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். அவன் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.

ஸ்டோர்ஸ் வேலைக்கு ரேணிகுண்டாவிலேயே வேறு தொழிற்சாலையில் இருந்த ஒருவரை எடுத்தார்கள். அவருடைய பணி ஆணையை வைஜயந்திதான் தயார் பண்ணினாள். நல்ல ரெஸ்யூமே. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு சில நாள் ரங்கா சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத்தாளைப் பரப்பிக்கொண்டு பேனாவால் எழுதினான். அவளிடம் காட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டான்.

"விளம்பரத்துல எல்லாம் சைக்கிள் கவுண்ட்னு போடறாளே, அப்படின்னா என்ன?"

"மொத்த ஸ்டாக்கையும் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணாம, கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி எண்ணிக் கணக்கோட ஒத்துப் பார்க்கறது."

"திங்கக்கிழமை போர்வை, செவ்வாக்கிழமை துண்டு. அதுதானே?"

"அதேதான்."

"அதுக்குப் பேர் இருக்குன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுதினான். அவள் அடுத்த புடவையை எடுத்து மடித்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து இன்னும் நாலு விஷயம் சொல்லலாம் என்று தோன்றியது. அவன் கேட்கவில்லை. அவள் போகவில்லை.

சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஸ்டோரில் அவனுக்கு வேலை கிடைத்தது. லாட்ஜில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். சேரும் தேதி வந்த பிறகுதான் சொன்னான். கோவில் கோபுர வாசலில் வாங்கிவந்த துளசியை மாடத்தில் வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னான்.

"சந்தோஷம்" என்றாள். அந்த வார்த்தை சரியான இடத்தில் சரியாக வந்தது.

இப்போது அவன் விடியலில் கிளம்பிவிடுகிறான். தளிகை மறுபடியும் அவள் பொறுப்பு. சாயங்காலம் களைத்து வந்து குளித்துவிட்டு, சலைன் பாட்டில் பெட்டிகளைப் பற்றியும், காலாவதி தேதி பார்த்துப் பழசை முன்னால் தள்ளி வைப்பது பற்றியும், ஸ்டோர் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடும் நர்ஸ் ஒருத்தியைப் பற்றியும் சொல்கிறான். முன்னைவிட அதிகம் பேசுகிறான். அவளுடைய கம்பெனியைப் பற்றி மட்டும் அவன் கேட்பதில்லை.

ஹரிபாபு ஒரு நாள், "சார் எப்டி இருக்காரு மேடம்?" என்று விசாரித்தான். வேலை கிடைத்ததைச் சொன்னாள். அவன் எழுந்தே நின்றுவிட்டான். "அய்யோ, நல்ல சேதி மேடம்! நான் அந்த நோட்டை அனுப்பிட்டு வூட்டுக்குப் போய் சரியா தூங்கவே இல்ல, தெரியுமா?"

வைஜயந்தி அவனைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தாள். அந்த நாட்களில் எல்லா இரவும் அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள். ஒரு வாரமாகத் தேங்கிக் கிடந்த டெக்னீஷியன் விண்ணப்பங்களில் பாதியை அவனுக்கு அனுப்பிவிட்டு, மீதியைத் தான் திறந்துகொண்டாள்.