அக்கா தள்ளிவிட்ட தலைப்பு

செகந்திராபாத்தில் இருந்த எங்கள் தமிழ்ச் செய்தித் தளத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து அதிர்ச்சிகளாவது தயாரிப்போம். வெண்டைக்காய் விலை ஏறினாலும் அதிர்ச்சி, இறங்கினாலும் அதிர்ச்சி. அன்றைக்கு வந்ததோ உண்மையிலேயே பயன்படக்கூடிய செய்தி. சென்னை ரயில் மூன்று நாட்களுக்கு செகந்திராபாத்துக்கு வராது, ஊரின் இன்னொரு கோடியில், குஷாய்குடா பக்கம் இருக்கும் ஸ்டேஷனிலிருந்தே கிளம்பும்.

நான் வைத்த தலைப்பு: ‘சென்னை ரயில் வெள்ளி முதல் ஞாயிறு வரை செகந்திராபாத் வராது: ஏற வேண்டிய இடம், நேரம்.’

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது நக்கோப்பா, வேணாம். எல்லாத்தையும் தலைப்புலயே சொல்லிட்டா எவன் உள்ள வருவான்? கூகுள்ல தேடறவனுக்கு உன்னோடது இருக்கட்டும். போன்ல தானா வர்ற பரிந்துரைக்கு என்னோடது.”

“சார், தேடறவங்களுக்குச் சந்தேகமாவது இருக்கு. தானா வர்றதைப் பாக்கறவங்களுக்கு விஷயமே தெரியாது. அவங்களுக்குத்தான் முழுசா சொல்லணும். மிகைப்படுத்தாதீங்க, முக்கியமானதை மறைக்காதீங்கன்னுதான் கூகுள் விதியிலயும் இருக்கு.”

“விதி படிச்சவன்லாம் ஆசிரியர் ஆயிட்டானா?”

கூகுள் தேடலில் தெரியும் தலைப்புக்கான கட்டத்தில் என் வரி தங்கியது. பக்கத்தின் உச்சியிலும், போன் பரிந்துரைக்குப் போகும் பகிர்வுக் கட்டத்திலும் அவருடையது ஏறியது: ‘சென்னை பயணிகளுக்குக் காத்திருந்த பேரதிர்ச்சி!’ ரயில் என்ற சொல்கூட இல்லை. படம் மட்டும் பெரிதாக, கூட்டம் முண்டியடிக்கும் ஏதோ ஒரு பழைய பிளாட்பாரம்.

வெள்ளிக்கிழமை அதே ரயிலில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் என் அக்கா சென்னைக்குப் போக வேண்டும். மறுநாள் காலை சென்னையில் அவள் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண் உடுத்த வேண்டிய பட்டுப்புடவை அக்காவின் பெட்டியில் இருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும். போன் செய்திருக்கலாம். அவள் ஓயாமல் ரயில் செய்தி படிப்பவள், எங்கள் செய்தி அவள் போனுக்குத் தானாகப் போய்விடும் என்று இருந்துவிட்டேன். என் தொழிலின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

வெள்ளி மாலை செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து அக்கா கூப்பிட்டாள். ரயில் குஷாய்குடா பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கிளம்பிப் போய்விட்டது.

“போன்ல வரலையாக்கா?”

“வந்துச்சுடா. நேத்தே வந்துச்சு. பேரதிர்ச்சின்னு போட்டிருந்துச்சு. உங்க தளம்தானேன்னு தள்ளி விட்டுட்டேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. பெண் தன் அம்மாவின் பழைய புடவையில் உட்கார்ந்திருந்தாளாம்.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். வருத்தமாகத்தான் கேட்டார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நிச்சயத்துல பழைய புடவையோட உட்கார்ந்த மணப்பெண். நல்லா இருக்கே. போட்டோ ஏதாவது கிடைக்குமா?”