பாதிக்குப் பாதி வெள்ளையடிப்பு

கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில்தான் வாப்பாவின் தையல் மெசின் இருந்தது. சாப்பாடும் அதில் வந்த காசில்தான், என் பள்ளிக்கூடச் சம்பளமும் அதில்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வாப்பா பெருவிரலைத்தான் வைப்பார்.

பத்திரம் எழுதும் நொத்தாரிசின் முன்னால் எழுதிய வீட்டுக் குத்தகை முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தபோது வீட்டுக்கார ஹாஜியார் வந்தார். வழக்கமாக வாடகை வாங்க ஆள் அனுப்புகிறவர். அன்று தானே வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சுவரைத் தடவிப் பார்த்தார். வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, குத்தகை உறுதியப் புதுப்பிக்கக்குள்ள வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சிரிவம். சுண்ணாம்பு, நிறம், கூலி எல்லாத்திலயும் பாதி நான், பாதி நீங்க. வாடகையில கை வைக்க மாட்டன்."

"யோசிச்சிச் சொல்றன் ஹாஜியார்" என்றார் வாப்பா.

நல்ல பேச்சுத்தானே என்று எனக்குப் பட்டது. மழைக்குக் கறுத்துப் போன சுவர் அது. ஆனால் ஹாஜியார் வாசல் படலையைத் தாண்டும் முன்பே உம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டா. முகம் வெளிறியிருந்தது.

"அவர்ர மூத்த மகளுக்கு வீடு குடுத்தாச்சி. இளையவள் இரிக்காள். இந்த வீட்டத் தவிர அவருக்கு வேற வீடு எங்க?"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க வரும்போது வீட்டையும் பார்ப்பார்கள். யார் வீட்டுச் சுவராவது திடீரென்று வெளுத்தால், உள்ளே கல்யாணமாகாத குமர் ஒருத்தி இருக்கிறாள் என்று தெருவே அறிந்துகொள்ளும்.

"அப்ப அவர்ர மகள்ர சீதன வீட்டுக்கு நாம பாதிக் காசு குடுக்கிறமா?" என்றார் வாப்பா. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. வாடிக்கையாளர்கள் இந்த வாசலைத்தான் அறிவார்கள். வேறு தெருவுக்குப் போனால் யார் தேடி வருவார்கள்? பெருநாள் உடுப்புக்கு வாங்கி வைத்த துணிகள் மெசினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அன்று முழுவதும் அவர் மெசின் மிதித்த சத்தமே மாறியிருந்தது, விட்டு விட்டுக் கேட்டது.

அடுத்த ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரின் வீட்டுக்கு வாப்பா என்னையும் கூட்டிப் போனார். "நீதான் கதைக்கோணும்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார். எனக்குப் பெரியவர்களிடம் எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. புத்தகத்தில் படித்ததும், நொத்தாரிசின் கிளாக்கரிடம் கேட்டு வைத்ததும் மட்டுமே என் கையில் இருந்தன. நொத்தாரிசு எழுதிய குத்தகையில் காலம் போட்டிருந்தால், வீடு யார் பேருக்குப் போனாலும் அந்தக் காலம் முடியும்வரை எங்களை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது.

"நாங்க பாதி தாறம் ஹாஜியார். ஆனா உறுதியில மூணு வருசம் எண்டு எழுதோணும். அதுக்குள்ள வீடு வேணுமெண்டு கேட்டா, எங்கட பாதியத் திருப்பித் தரோணும். அதையும் எழுதோணும்."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஹாஜியார் வெற்றிலைத் தட்டத்தை மெல்லத் தள்ளி வைத்தார். எங்களைப் போகச் சொல்லப் போகிறார், நாளைக்கே சாமான்களைத் தெருவில் வைக்கச் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"காக்கா, மகன இங்கிலீசு படிப்பிச்சது இதுக்குத்தானா?"

"ஓம் ஹாஜியார். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே" என்றார் வாப்பா.

ஹாஜியார் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு எழுத ஏலாது. ஒரு வருசம் எழுதுவம்."

வீடு இளையவளுக்குத்தான் என்று அந்த ஒரு வருசமே சொல்லிவிட்டது. வாப்பா சால்வையைத் தோளில் சரிசெய்தார்.

"அப்ப வெள்ளையடிக்கிற செலவு முழுக்க ஒங்கட."

"ஓம்" என்றார் ஹாஜியார், என்னைப் பார்க்காமல். "மாப்புள்ள ஊட்டார் இன்னும் முடிவு சொல்லல்ல. துஆச் செய்யுங்க."

உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு அதை உரக்க வாசித்தார். 'ஒரு வருடம்' என்ற இடத்தில் வாப்பா என் பக்கம் திரும்பினார். சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று தலையசைத்தேன். அவர் விரலை வைத்தார்.

வெள்ளையடித்து முடிந்ததும் துணி கொண்டு வந்தவர்கள் எல்லாரும் வீட்டைப் புகழ்ந்தார்கள். "நல்ல ஊட்டுக்காரன் கிடைச்சிரிக்கான் காக்கா!" வாப்பா வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தலையாட்டுவார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அடுத்த ஊரான நற்பிட்டிமுனைப் பக்கம் வரை வீடு தேடி நடந்தேன். வெளுத்த சுவரைக் கண்டால் உள்ளே போக மாட்டேன். படலையிலேயே நின்று, வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்பு, வீட்டுக்காரருக்குக் குமர்ப் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தேன்.