அனுசியா திருத்த மறுத்த நோட்டு

தூத்துக்குடியில் நர்சிங் கல்லூரி ஒன்றின் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அனுசியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இத வச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்காமல் எந்த வேலையையும் கையில் வாங்க மாட்டார். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. நானும் ஒரு மாதம் போயிருக்கிறேன்.

போன மார்ச்சில் நான் கடையில் நின்றிருந்தபோது வேம்பாரிலிருந்து ஜெஸ்மி வந்தாள். மருந்தியலில் இரண்டு முறை தோற்றவள். நாலு நாளில் மறுபடியும் பரீட்சை; இதிலும் போனால் கிடைத்த வேலை கைநழுவிவிடும். கையில் சீனியர் அக்காவின் நோட்டு, 186 பக்கம், ஸ்கேன் செய்த பிடிஎஃப். மருந்தின் பெயரை அடித்துத் தேடினால் அந்தப் பக்கம் வர வேண்டுமாம். முழு நோட்டையும் கம்ப்யூட்டரே படித்து எழுத்தாக்கிவிடும் என்று யோசனை சொன்னவர் கூடவே வந்த சித்தப்பா ஜெபசிங். துறைமுகத்தில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர். வீட்டில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

முதல் பக்கத்தைக் கொடுத்துக் காட்டினார். ஓர் எழுத்து பிசகவில்லை.

"பாத்தியளா? சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

நம் ஊரில் முதல் பக்கத்தை மோசமாக எழுதிய பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அனுசியா சிரித்தார். "நடுவுல மூணு பக்கம் குடுங்க அண்ணாச்சி."

வந்ததைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். ஓரத்தில் எழுதிய தமிழ்க் குறிப்பு ஏதோ ஆங்கிலமாகியிருந்தது. அம்புக்குறிகளைக் காணோம். பதற்றத்துக்கான மாத்திரை ஒன்று 0.5 மில்லிகிராம், முன்னால் இருந்த சுழியும் புள்ளியும் மங்கலாக இருந்ததால் 5 ஆகியிருந்தது. ஜெஸ்மியின் முகம் வெளுத்தது.

"திருத்திக்கிடலாம்லா?" என்றார் ஜெபசிங்.

அனுசியா திருத்தியே காட்டினார். நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்த மூன்று பக்கத்துக்கு முப்பத்தாறு நிமிடம். "மொத்தத்துக்கும் முப்பத்தேழு மணி நேரம் ஆகும். நான் செய்ய மாட்டேன். ஏளா, ஒனக்குத் தேடத்தான வேணும்? மருந்துப் பேரும் பக்க நம்பரும் மட்டும் அடிச்சாப் போதும். நீ ஸ்கேன் படத்தப் பாத்து வாசி, நான் அடிக்கேன்."

ஜெபசிங்குக்குத் திடீரென்று ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது, கிளம்பிப் போனார். இருவரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். பட்டியல் முடிந்ததும் ஜெஸ்மி ஆசையாக இருதய மருந்து ஒன்றைத் தேடினாள். இல்லை. இன்னொன்றைத் தேடினாள். அதுவும் இல்லை. அந்தப் பாடமே நோட்டில் இல்லை.

சீனியருக்குப் போன் போட்டாள். "அந்த மாசம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சுல்லா? நான் கிளாஸுக்கே போவல" என்றது போன்.

அந்த நோட்டை வைத்துத்தான் இரண்டு முறை எழுதியிருக்கிறாள். ஜெஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிக்க வந்த மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்:

"அக்கா, டெக்ஸ்ட் புக் எங்கன கிடைக்கும்?"