ஒத்தக்கடையில் இல்லாத தண்ணீர்

தென்னந்தோப்பைவிடத் தண்ணீர் சூடாக இருக்கிறது என்று என் கணினி சொன்ன காலையில்தான் இது தொடங்கியது.

காளவாசலில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. அப்போது கையில் இருந்த வேலை இது: மதுரையின் ஓரங்களில் தோப்பும் வயலும் வீடுகளாக மாறும்போது தரை எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கணினி வேலை. என்னோடு இருந்த அண்ணன், அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், அறிக்கை எழுதுவார். ஊர்களுக்குப் போய் நேரில் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு.

எங்களிடம் இரண்டு ராஸ்டர்கள் இருந்தன. ராஸ்டர் என்றால் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணைப் போட்டு வைத்த படம். முதல் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டர். அதிலிருந்த எண்கள் நிலத்தின் வகையைச் சொல்லின: ஒன்று என்றால் மரம், தோப்பு, இரண்டு தண்ணீர், மூன்று கட்டடம், நான்கு வெறுந்தரை. இரண்டாவது படம் தரையின் வெப்பம். அதில் ஒரு கட்டம் முப்பது மீட்டர்.

இந்த மாதிரிப் படங்களைக் கட்டத்துக்குக் கட்டம் பெருக்கலாம், கழிக்கலாம். தண்ணீர் உள்ள கட்டத்துக்கு ஒன்று, மற்றதற்குச் சுழியம் என்று ஒரு படம் செய்து வெப்பத்தோடு பெருக்கினால் தண்ணீரின் வெப்பம் மட்டும் மிஞ்சும். ஆனால் அதற்கு இரண்டு படங்களின் கட்டங்களும் ஒரே அளவில், ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். அதற்கு என்னிடம் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று, நானே எழுதிய சின்னக் கணினி நிரல், இருந்தது. வகைப் படத்தை வெப்பப் படத்தின் கட்டங்களுக்கு மாற்றச் சொல்லி ஓட்டினேன். பெருக்கினேன். வகைவாரியாகச் சராசரி எடுத்தேன்.

தோப்பு குளிர்ச்சி. கட்டடம் சூடு. தண்ணீர் தோப்பைத் தாண்டி, கட்டடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"அண்ணே, தண்ணி சுடுது," என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "எந்தத் தண்ணிம்மா?"

அது நல்ல கேள்வி. எந்தத் தண்ணீர் என்று நான் பார்க்கவே இல்லை. தண்ணீர்க் கட்டங்களுக்கு மட்டும் நீல நிறம் கொடுத்துப் படத்தைத் திறந்தேன். பெரிய கண்மாய்கள் நீலமாகத் தெரிந்தன. அவை குளிர்ச்சியாகத்தான் இருந்தன. ஆனால் ஊரின் ஓரங்களில் மெல்லிய நீலக் கோடுகள் நெளிந்துகொண்டு போயின. ஒத்தக்கடைப் பக்கம் கொண்டுபோய்ப் பெரிதாக்கினேன். புதிதாக வந்த ஒரு குடியிருப்பைச் சுற்றி, கோட்டைக்கு அகழி வெட்டியதுபோல், ஒரு நீல வளையம்.

அண்ணன் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"இது எங்க காலனிம்மா. போன வருசம் வீடு கட்டிப் போனோம்ல, அதே தெருதான். இங்க எங்க தண்ணி இருக்கு?"

"மழைத் தண்ணி நிக்குமோ?"

"படம் எடுத்தது கோடையில. அங்கன குடிக்கவே தண்ணி இல்ல."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து தவறைத் தேட மனமில்லை. இல்லாத தண்ணீர் இருப்பதாகச் சொல்லும் இடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. மறுநாள் காலை ஆனையூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஒத்தக்கடைக்குப் போனேன்.

அண்ணன் வீட்டு வாசலில் அவர் மனைவி, எனக்கு மதினி, பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் லாரி வரும் நாள். மடிக்கணினியைத் திறந்து அவருக்கும் படத்தைக் காட்டினேன். இது உங்கள் தெரு, இது உங்கள் வீடு, இந்த நீலம் தண்ணீர் என்றேன்.

மதினி கொஞ்ச நேரம் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணி வீட்டச் சுத்தி ஓடுதுன்னா நான் எதுக்குத்தா கொடத்த வச்சுக்கிட்டு லாரிக்கு நிக்கேன்?"

நானும் அண்ணனும் வளையம் காட்டிய வழியே காலனியைச் சுற்றி நடந்தோம். கடைசி வரிசை வீடுகளின் மதில் சுவர்; சுவரை ஒட்டிக் கம்பி வேலி; வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பு விற்றது போக மிச்சம் இருப்பது. சில மரங்களின் மட்டைகள் மொட்டைமாடிகளின் மேலேயே தொங்கின. வாய்க்கால் இல்லை, குட்டை இல்லை, ஈரம்கூட இல்லை. எங்கெல்லாம் தென்னையும் வீடும் முட்டிக்கொண்டனவோ, அங்கெல்லாம் படத்தில் தண்ணீர். வேலி வளைந்த இடத்தில் தண்ணீரும் வளைந்தது.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மாற்றுவதற்கு முன்னிருந்த பத்து மீட்டர் படத்தைத் திறந்தேன். அதே இடம். ஒன்று ஒன்று ஒன்று என்று தோப்பு, அதை ஒட்டியே மூன்று மூன்று மூன்று என்று வீடுகள். நடுவில் ஓர் இரண்டுகூட இல்லை. அப்படியானால் செயற்கைக்கோள் பிழை செய்யவில்லை. பத்திலிருந்து முப்பதுக்குப் போகும் வழியில்தான் தண்ணீர் ஊறியிருக்கிறது.

இரண்டு படங்களின் கட்டக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வரையச் செய்தேன். முப்பதுக்குள் மூன்று பத்து சரியாக அடங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அடங்கவில்லை. இரண்டு வரிசைகளும் ஒரே இடத்தில் தொடங்கவில்லை; அரைச் சின்னக் கட்டம், அதாவது ஐந்து மீட்டர், விலகி இருந்தன. அதனால் ஒவ்வொரு பெரிய கட்டத்தின் நடுப்புள்ளியும் நான்கு சின்னக் கட்டங்கள் கூடும் முக்கில் போய் விழுந்தது. என் ஸ்கிரிப்ட் அந்த நான்கையும் எடுத்துச் சராசரி போட்டு, வந்ததை முழு எண்ணாக்கிப் பெரிய கட்டத்தில் எழுதியிருந்தது.

அந்த ஸ்கிரிப்டை நான் முதலில் எழுதியது மேடுபள்ளத்தின் உயரத்தைக் காட்டும் படங்களுக்காக. அங்கே சராசரி பொருந்தும். பத்து மீட்டர் உயரத்துக்கும் இருபது மீட்டர் உயரத்துக்கும் நடுவே பதினைந்து மீட்டர் இருக்கத்தான் செய்யும். இங்கே அப்படியில்லை.

"ரெண்டு கட்டம் தென்னை, ரெண்டு கட்டம் வீடு," என்றேன். "ஒண்ணும் ஒண்ணும் மூணும் மூணும் எட்டு. நாலால வகுத்தா?"

"ரெண்டு," என்றார் அண்ணன்.

"ரெண்டுன்னா தண்ணி."

மதினி குடத்தோடு உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். "தென்னையையும் வீட்டையும் கூட்டி வகுத்தா தண்ணி வருமா? நல்ல கணக்கா இருக்கே!"

மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் எனக்கு வேறொரு யோசனை ஓடியது. இந்த எண்கள் வெறும் பெயர்கள்தான். தண்ணீருக்கு ஏழு என்று வைத்திருந்தால் வேறு எதுவோ முளைத்திருக்கும். ஆக, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே தண்ணீர் பிறந்தால், மற்ற ஜோடிகளுக்கு நடுவே என்ன பிறந்திருக்கும்? இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே மூன்று. தண்ணீரும் வெறுந்தரையும் சேரும் இடத்தில் கட்டடம்.

முப்பதுக்கு மாற்றிய படத்தைத் திறந்து ஒரு கண்மாய்க்குப் போனேன். கோடையில் தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடக்கிறது. சுற்றிலும் காய்ந்த கண்மாய்த் தரை. தண்ணீரின் விளிம்பு முழுக்க, கட்டடத்துக்கு நான் வைத்த சிவப்பு நிறத்தில் கட்டங்கள். வீடுகள்.

அண்ணனின் முகம் மாறிவிட்டது. அந்தச் சிவப்பை நாங்கள் இருவரும் முன்பே பார்த்திருந்தோம். கண்மாய்க்குள் வீடு இருப்பது இங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்மாய்களைச் சுற்றி ஆக்கிரமிப்பு நெருக்கமாக இருக்கிறது என்று அறிக்கையில் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார்.

"சுடுதண்ணிய மட்டும் சந்தேகப்பட்டோம். இத அப்படியே நம்பிட்டோமேம்மா," என்றார் மெதுவாக.

அன்று மதியமே அலுவலகத்துக்குப் போய்ச் சரிசெய்தேன். நடுப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் கட்டத்தின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. பெயர்களுக்கு அது பாதுகாப்பானது, புதிய எண்ணை உண்டாக்காது. ஆனால் எங்கள் படத்தில் நடுப்புள்ளி நான்கு கட்டங்களுக்கும் சமதூரத்தில் அல்லவா இருந்தது? யாரை எடுப்பது? கணினி எதையாவது ஒன்றை எடுக்கும், காரணம் இல்லாமல். அதனால், பெரிய கட்டத்துக்குள் எந்த வகை அதிக இடம் பிடிக்கிறதோ அதையே அந்தக் கட்டத்தின் வகையாக வைக்கச் சொன்னேன். வெப்பப் படத்தை ஒன்றும் செய்யவில்லை. அதன் தொடக்கப் புள்ளியையும் அளவையும் அச்சாக வைத்து, வகைப் படத்தை மட்டும் அதன்மேல் உட்காரவைத்தேன்.

அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "வெப்பத்தப் பத்து மீட்டரா மாத்துனா என்ன? இன்னும் நுணுக்கமாத் தெரியுமே. ஒன் மதினி எங்க வீடு தனியா எம்புட்டுச் சூடுன்னு கேக்குறா."

"மாத்தலாம்ணே. கட்டம்தான் சின்னதாகும். உள்ள இருக்கிறது அதே சூடுதான்."

சொன்னேனே தவிர, அந்த முப்பது மீட்டராவது உண்மைதானா என்று ஒரு குறுகுறுப்பு. படத்தோடு வந்த விவரக் குறிப்பை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். வெப்பத்தை அளக்கும் கருவி பார்ப்பது நூறு மீட்டர் அளவில்தானாம். நமக்குக் கொடுக்குமுன் அவர்களே முப்பதுக்கு மாற்றித் தருகிறார்களாம். எனக்கு முன்பே ஒருவர் கட்டம் மாற்றியிருக்கிறார். மதினியின் வீட்டுச் சூட்டில் பக்கத்து வீட்டுச் சூடும், வேலிக்கு அப்பாலிருந்த தோப்பின் குளிர்ச்சியும் எப்போதோ கலந்துவிட்டன. அதை எந்த ஸ்கிரிப்டாலும் பிரிக்க முடியாது.

மதினியிடம் போனில் சொன்னேன். "தெருவுக்குச் சொல்லலாம் மதினி, வீட்டுக்குச் சொல்ல முடியாது."

"அப்ப தெருவுக்கே சொல்லு. எம்புட்டு?"

தோப்பைவிட நன்றாகவே சூடு என்றேன். "அது தெரிஞ்ச சங்கதிதானே," என்று வைத்துவிட்டார்.

புதிய படத்தில் அகழி காணாமல் போயிருந்தது. தண்ணீர் எல்லா வகைகளையும்விடக் குளிர்ந்திருந்தது. கண்மாய்களைச் சுற்றியிருந்த சிவப்பு வளையங்களும் போய்விட்டன. ஆனால் முழுக்கப் போகவில்லை. ஒரு கண்மாயின் மேற்குக் கரையோரம் கொஞ்சம் சிவப்பு மிஞ்சியது.

இந்த முறை யாரும் சொல்லாமலே இருவரும் கிளம்பினோம். கரைமேல் ஏறி நின்று பார்த்தால், மேற்கே உண்மையாகவே வீடுகள் இருந்தன. ஒரு வீட்டு மொட்டைமாடியில் துணி காய்ந்தது. கிழக்கே, பழைய படத்தில் தெருத் தெருவாக வீடுகள் நின்ற இடத்தில், வெடித்த கண்மாய்த் தரையும் அதில் மேயும் ஆடுகளும். அண்ணன் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அறிக்கையின் அந்தப் பத்தியை அழித்துவிட்டு, மேற்குக் கரையைப் பற்றி மட்டும் மூன்று வரி எழுதப் போவதாகச் சொன்னார். நான் கரையோரமாகக் கீழே இறங்கி, தண்ணீர் முடிந்து தரை தொடங்கும் இடம் எது என்று பார்த்தேன். ஓரிடம் என்று சொல்ல முடியவில்லை. தண்ணீர், பிறகு சேறு, பிறகு ஈரம், பிறகு வெடிப்பு. இதற்கு என்ன எண் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்தேன்.