மேலே அரைப் பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூட்டக் குறிப்பைக் கொழும்புத் தலைமையகத்திலிருக்கும் பெரியவர்கள் முழுதாக வாசிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? எத்தனையோ தோட்டங்களிலிருந்து மாதா மாதம் கட்டுக் கட்டாகப் போகிறது. காரில் போகும்போது போனில் திறந்து பார்ப்பார்கள். திரையில் முதலில் தெரிவது எதுவோ, அவர்களுக்கு அதுதான் கூட்டம். ஆகவே குறிப்பின் உச்சியில் அரைப் பக்கத்துக்கு ஒரு சுருக்கம் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருக்கும் என் தலையில் அது விழுந்தது.

எனக்கு நீளமாகத்தான் எழுத வரும். ஆட்கள் பேசுகிற அழகை விட மனம் வராது. ஒருவர் இழுத்துப் பேசினால் நானும் இழுத்து எழுதுவேன். "கிளாக்கரய்யாகிட்ட ஒரு தும்மல் போட்டாலும் அரைப் பக்கத்துக்குப் போயிரும்" என்று பாக்டரியில் டீமேக்கர் கேலி செய்வார். அப்படிப்பட்டவன், பழைய அறிக்கைகளைப் புரட்டிப் புரட்டி நானாகவே கற்றுக்கொண்டேன். நடந்ததை நடந்த வரிசையில் குறுக்கி எழுதுவது சுருக்கம் இல்லை. மேலே இருப்பவர்கள் எதை முடிவு செய்து தர வேண்டுமோ அது முதல் வரி. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது அதன் பக்கத்திலேயே. அதற்குப் பிறகுதான் நாம் எடுத்த முடிவுகள், யார் பொறுப்பு, எப்போதைக்குள். இன்னொன்று: குறிப்பின் உள்ளே இல்லாத எதுவும் சுருக்கத்தில் இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் என்னைக் கட்டிப்போட்டது.

ஆட்கள் குடியிருக்கும் மேல் டிவிசனுக்குப் போகும் பாதையில் இருந்த சின்னப் பாலத்தை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. மரத்தடிகள் மேல் பலகை அறைந்து ஆட்கள் நடக்கிறார்கள். லொறியோ ஆட்டோவோ தாண்ட முடியாது. நோயாளி என்றால் பாலம் வரை தூக்கி வந்து, பலகையைக் கடத்தி, இந்தப் பக்கம் நிற்கும் லொறியில் ஏற்ற வேண்டும். புதிதாகப் பாலம் கட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரம் தோட்ட மனேஜரான எங்கள் துரைக்குக் கிடையாது. கொழும்புதான் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் இதைப் பேச வந்தது மேல் டிவிசனின் மாதர் தலைவி. அவருடைய மகள் நிறைமாதம். அது எல்லோருக்கும் தெரியும். மலையில் கொழுந்து எடுக்கும்போது அந்த அம்மாள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், கங்காணிக்கே காது சிவக்கும். ஆனால் துரை முன்னால் எழுந்து நின்றால் அது வேறு பேச்சு. எங்கள் ஆட்களுக்கு ஒன்று கேட்பதற்கு முன் ஒரு மரியாதை வைக்க வேண்டும். அது இல்லாமல் கேட்டால் வெறுங்கையோடு விருந்துக்குப் போனதுபோல் கூசுவார்கள்.

"தொர புண்ணியத்துல பலக போட்டுக் குடுத்தீங்க, எப்புடியோ சமாளிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்ங்க. நாங்க ஒரு கொறையும் சொல்ல வரலீங்க. என்னா, புள்ளத்தாச்சிப் பொம்பளைங்கள கொண்டு போக வரத்தான் கொஞ்சம் செரமமா இருக்கு. தொரையா பாத்துச் செஞ்சிங்கன்னா நல்லது."

பின்னால் இருந்து டிவிசன் மருத்துவச்சி, "அக்கா, வந்த விசயத்தச் சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள். "சொல்லிட்டேன்ல புள்ள" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். சுருக்கத்தின் முதல் வரியாக, 'தலைமையகம் முடிவெடுக்க வேண்டியது: மேல் டிவிசன் பாலத்துக்கு அனுமதி. தாமதமானால் பிரசவத்துக்குப் போகும் பெண்களுக்கு ஆபத்து' என்று வைத்தேன்.

துரை வாசித்தார். கெட்ட மனிதர் இல்லை. பல வருஷம் தோட்டத்தில் இருந்து எங்கள் தமிழை எங்களைப்போலவே பேசுகிறவர்.

"கிளாக்கர், ஆபத்துன்னு யார் சொன்னது? குறிப்புல எங்க இருக்கு?"

"செரமம்னு சொன்னாங்க சேர்."

"கொஞ்சம் செரமம். அதுக்கு முன்னாடி சமாளிக்கிறோம், கொற இல்லன்னும் சொன்னாங்க. நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது மரியாதைக்குச் சொல்றது சேர். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கொழும்புக்குத் தெரியுமா?" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போன தடவ ஒரு விசயத்த மேல போட்டு அனுப்பினேன். 'இதக் கூட அங்கேயே பாத்துக்க முடியாதா'ன்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி கொழுந்து விவரத்தப் போடுங்க."

சுருக்கத்தில் பாலம் கீழே இறங்கியது. 'முடிவெடுக்க வேண்டியது' என்ற தலைப்பே போய்விட்டது. 'தற்காலிகப் பலகைப் பாலம் பயன்பாட்டில் உள்ளது, மக்கள் சமாளிக்கின்றனர், நிலைமை தொடர்ந்து கவனிக்கப்படும்' என்று ஒரு வரி மிஞ்சியது. பொய் என்று ஒரு சொல்லைக்கூட அதில் காட்ட முடியாது. தலைவியின் முழுப் பேச்சும் உள்ளே பத்திரமாக இருந்தது, யாரும் போகாத பக்கத்தில்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது: கவனத்தில் எடுக்கப்பட்டது, கொழுந்து திருப்தி. முடிவு கேட்காத இடத்தில் யார் முடிவு சொல்லப் போகிறார்கள்?

கொழுந்து நிறுக்குமிடத்தில் தலைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "கிளாக்கரய்யா, கொழும்புல என்னாங்க சொன்னாங்க?"

"பாத்துட்டாங்களாம், அம்மா."

"பாக்குறதுக்கு அங்கேருந்து எப்புடிங்க தெரியும்?" என்று சிரித்தார். நான் சொன்னேன்: "அடுத்த கூட்டத்துல சமாளிக்கிறோம்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. முடியலன்னு சொல்லுங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பலக போட்டுக் குடுத்த மனுசன் மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க அப்புடிச் சொல்றது? நன்றி கெட்ட பேச்சாப் போயிராதா?"

அடுத்த கூட்டம் வரை பிள்ளை காத்திருக்கவில்லை. ஒரு மழைநாள் காலையில் தலைவியின் மகளை நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தகவல் கேட்டு லொறியோடு நானும் போயிருந்தேன். பலகை வழுக்கியது. நாற்காலியோடு கடக்க அகலம் போதாமல், அவளை இறக்கி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகப் பிடித்து நடக்க வைத்தார்கள். பாதியில் வலி வந்து அவள் நின்றுவிட்டாள். கீழே தண்ணீர் இரைந்தது. யாராலும் அவளை முன்னால் இழுக்கவோ பின்னால் தள்ளவோ முடியவில்லை. நான் இந்தப் பக்கம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை யாருக்கும் எட்டவில்லை.

"நில்லும்மா, அவசரம் இல்ல, வலி போகட்டும்" என்று மருத்துவச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். வலி விட்டது. கடந்தார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இருவரும் சுகம்.

அந்த மாதக் கூட்டத்தில் தலைவி எழுந்து, லொறி கொடுத்ததற்காகத் துரைக்கு நன்றி சொன்னார். மருத்துவச்சி மட்டும் பலகையில் நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினேன். அரைப் பக்கத்தின் உச்சியில் மறுபடியும் பாலத்தை வைத்தேன்; இந்தத் தடவை 'ஆபத்து' என்ற சொல் குறிப்பிலேயே இருந்தது, மருத்துவச்சியின் வாயால்.

துரை அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "இது நல்ல செய்தியா முடிஞ்சிருக்கு, கிளாக்கர். நல்லதாவே போடுவோம்" என்றார். அவரே சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'மேல் டிவிசனிலிருந்து அவசரப் பிரசவம், தோட்ட லொறியில் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்க்கப்பட்டார், தாயும் சேயும் நலம்.'

இனி அந்தப் பாலத்துக்கு அனுமதி கேட்டால், இருக்கிற பலகையே போதுமே என்பதற்கு இந்த வரிதான் சாட்சி. அதைத் துரையிடம் சொன்னேன். "தெரியுது" என்றார், என்னைப் பார்க்காமல். அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

வெளியே தலைவி, துணியில் சுற்றிய பேத்தியோடு மருத்துவச்சி பக்கத்தில் நின்றிருந்தார். "நம்ம பேரு கொழும்பு வரைக்கும் போயிருச்சாமே, மேலேயே போட்டிருக்காமே" என்று முகமெல்லாம் சிரிப்பு. "இனி எப்புடியும் கட்டிருவாங்க, என்னாங்க?"

மருத்துவச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.